பதினைந்து நொடியில் மதியச் சாப்பாட்டைச் சொல்லி முடிப்பது: ஒரு கிளவுட் கிச்சன் வாசகம் உருவான விதம்

தருமபுரி பென்னாகரம் சாலையில் என் பெரியம்மா மகள் ஒரு கிளவுட் கிச்சன் நடத்துகிறார். மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை எதுவும் இல்லாத சமையற்கூடம். ஆர்டர் வந்தால் சமைத்து அனுப்புவார்கள். மதிய காம்போவுக்கு ஒரு சிறு வீடியோ ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்து ஆர்டர் வரவில்லை என்பதால் வாசகத்தைப் புதிதாக எழுதித் தரும்படி அக்கா கேட்டார். நான் திருமண வீடியோ தொகுப்பவன். உள்ளூர்க் கடைகளுக்கு அவ்வப்போது விளம்பர வாசகமும் எழுதுவேன். அந்த வேலை எப்படி நடந்தது என்பதை, இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படும் அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய வாசகம். அப்படியே தருகிறேன்:

"வணக்கம் தருமபுரி மக்களே! வேலைப்பளுவின் நடுவே சுவையான, ஆரோக்கியமான வீட்டுச் சாப்பாட்டை நினைத்து ஏங்குகிறீர்களா? இனிக் கவலை வேண்டாம்! அன்போடும் அக்கறையோடும் உங்கள் அம்மாவின் கைமணத்தில் நாங்கள் சமைத்துத் தரும் மதிய உணவு காம்போ இப்போது உங்கள் அலுவலகத்துக்கே வருகிறது. சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம், பிரிஞ்சி, புளிசாதம், முட்டை பிரியாணி, சிக்கன் பிரியாணி எனப் பல வகைகள்! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொற்களை எண்ணிப் பாருங்கள். 'காம்போ' என்பது இருபத்தைந்தாவது சொல். தமிழில் விளம்பரக் குரல் நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல் வரும். நம் சொற்கள் நீளமானவை. அதற்கு மேல் வேகம் கூட்டினால் மருந்து விளம்பரத்தின் கடைசி வரியைப் படிப்பது போல ஆகிவிடும். ஆக, என்ன விற்கிறார்கள் என்பதே பன்னிரண்டு நொடி கழித்துத்தான் தெரிகிறது. விலை எங்கும் இல்லை. எத்தனை மணிக்கு வரும் என்பதும் இல்லை. போன் எண் கடைசிக் காட்சியில் மின்னி மறைகிறது.

அவசரத்தில் ஆர்டர் செய்பவருக்கு வேண்டியவை நான்கு விவரங்கள்: என்ன கிடைக்கும், எவ்வளவு, எப்போது வரும், எப்படிச் சொல்வது. பழைய வாசகம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. அதையும் ஏழு வகையாகப் பிரித்துச் சொன்னது. ஏழு வகையைக் கேட்டவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று போனை வைத்துவிடுவார். 'வீட்டுச் சுவை', 'அம்மாவின் கைமணம்' ஆகியவற்றை முதலிலேயே நீக்கினேன். அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாச் சாப்பாட்டுக் கடையும் அதையே சொல்வதால் யாருடைய காதிலும் அது விழுவதில்லை, அவ்வளவுதான்.

எழுத உட்காரும் முன்பு, யாருக்காக எழுதுகிறோம் என்று அக்காவிடம் பேசினேன். "ஆபிஸில் வேலை செய்யும் எல்லோருக்கும்தான் தம்பி" என்றார். தருமபுரி போன்ற ஊரில் அது சரிவராது. இங்கே அலுவலகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு போகிறார்கள். அவர்களை வாங்கவைக்க எந்த வாசகத்தாலும் முடியாது. வாங்குபவர்கள் வேறு: சேலத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ விடியற்காலையில் பஸ் ஏறி வருபவர், அறை எடுத்துத் தங்கியிருக்கும் வங்கி ஊழியர், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததால் அன்று மட்டும் வெறுங்கையோடு வந்தவர். கையில் பாக்ஸ் இல்லை என்பது இவர்களுக்குக் காலை எட்டு மணிக்கே தெரியும். முடிவைத்தான் பதினொரு மணிவரை தள்ளிப்போடுகிறார்கள்.

இன்னொன்றும் அக்காவின் ஆர்டர் நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அலுவலகத்திலிருந்து வரும் ஆர்டர் அநேகமாக ஒருவர் பெயரில் வருகிறது. ஆனால் மூன்று பெட்டி, ஐந்து பெட்டி என்று கேட்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் பொறுப்பெடுத்து, "யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று கேட்டு, எண்ணிச் சொல்லி, பணத்தைத் திரட்டுகிறார். வாசகம் பேச வேண்டியது அந்த ஒருவரிடம். அவர் நம் வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்காரரிடம் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் ஆர்டர் வரும். இதை மனத்தில் வைத்த பிறகு எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

அதனால் ஏழு வகையை இரண்டாகக் குறைத்தோம். இதற்கு அக்கா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் களி காம்போ வேண்டும் என்று ஆசை. "தருமபுரியில் இருந்துகொண்டு கேழ்வரகுக் களி இல்லாமல் ஒரு சாப்பாடா?" என்றார். கேள்வி நியாயமானது, இந்த மாவட்டத்துக் கேழ்வரகுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் களி அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் தின்ன வேண்டிய பண்டம். பெட்டியில் அரைமணி நேரம் இருந்தால் மேலே தோல் கட்டும், உள்ளே இறுகும். ஸ்பூனால் வெட்டித் தின்னும் உணவும் அல்ல. கையால் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மேசையில் கோப்பு விரித்து வைத்திருப்பவருக்கு அது தோதுப்படாது. களியை வீடியோவில் சேர்க்காமல், முன்கூட்டிக் கேட்பவர்களுக்கு மட்டும் செய்து தருவது என்று முடிவாயிற்று.

மிஞ்சியவை இரண்டு. முதல் காம்போவில் சாம்பார் சாதம், தயிர் சாதம், பொரியல், அப்பளம். இரண்டாவதில் இவற்றோடு மிளகு முட்டை சேரும். அடிப்படைச் சமையல் ஒன்றே என்பதுதான் இதில் உள்ள வசதி. முட்டையை மட்டும் தனியே வறுத்துச் சேர்த்தால் போதும். எந்தக் காம்போ எத்தனை போகும் என்று காலையிலேயே துல்லியமாகக் கணிக்கத் தேவையில்லை. சாம்பார் சாதத்தைச் சற்றுத் தளர்வாக இறக்குகிறார் அக்கா. பருப்பும் அரிசியும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பதமாக இருப்பது ஒரு மணிக்குக் கட்டியாகிவிடும். தயிர் சாதத்தில் பாலைக் கூடுதலாகவும் தயிரைக் குறைவாகவும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்தில் புளிக்காது. அப்பளம் காகித உறையில் தனியாகப் போகிறது. இந்த விவரங்கள் வாசகத்தில் வராது. ஆனால் வாசகத்தில் வரும் 'ஒரு மணி' இவற்றின் மேல்தான் நிற்கிறது.

அந்த ஒரு மணியைப் பற்றிச் சொல்கிறேன். 'முப்பது நிமிடத்தில் டெலிவரி' என்று போடலாம் என்றார் மாமா, அதாவது அக்காவின் கணவர். வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். அலுவலகத்தில் இருப்பவருக்கு முப்பது நிமிடத்தால் பயனில்லை. பதினொன்றரைக்கு ஆர்டர் செய்தவருக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தால், அதை மேசைக்கடியில் வைத்து ஆறவிட வேண்டியதுதான். அவர் பசியோடு எழுந்திருக்கும் நேரம் ஒரு மணி. அப்போது பெட்டி கையில் இருக்க வேண்டும். சமையற்கூடத்துக்கும் இதுவே நல்லது. தனித்தனியாக ஓடாமல், கலெக்டர் அலுவலகப் பக்கம் ஒரு சுற்று, பேருந்து நிலையம் முதல் நான்கு ரோடு வரை ஒரு சுற்று என்று இரண்டே சுற்றில் முடித்துவிடலாம்.

ஒரு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். கடைசிப் பெட்டி ஒரு மணிக்குச் சேர வேண்டுமென்றால் வண்டி பன்னிரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். நாற்பது பெட்டிகளை இருவர் நிரப்பி மூடிக் கட்ட அரைமணி ஆகிறது. ஆக, பன்னிரண்டுக்குச் சாதம் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் எண்ணிக்கையை வைத்து ஒரு பெரிய பாத்திரம் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். கூடுதலாகப் பத்துப் பெட்டி வந்தால் ஒரு குக்கர் சேர்த்து வைக்க அரைமணி வேண்டும். எனவே ஆர்டர் முடியும் நேரம் பதினொன்றரை. வாசகத்தில் வரும் இரண்டு நேரங்களும் சமையற்கூடத்தின் கடிகாரத்திலிருந்து வந்தவை. கவர்ச்சிக்காகப் பன்னிரண்டு என்று நீட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே பெட்டி தாமதமாகப் போயிருக்கும். பிறகு எந்த வாசகமும் உதவாது.

விலையில் ஒரு சிறு வாக்குவாதம். 99, 119 என்று போட வேண்டும் என்பது மாமாவின் கட்சி. ஐந்து பேருக்குச் சேர்த்து வாங்குபவர் ஒவ்வொருவரிடமும் பணம் வசூலிக்க வேண்டும். ஒருவர் ஜிபேயில் அனுப்புவார், ஒருவர் நோட்டு நீட்டுவார். 99 என்றால் சில்லறைத் தொல்லை அவர் தலையில் விழும். 100, 120 என்று வைத்தோம். டெலிவரிக் கட்டணம் அதற்குள்ளேயே அடக்கம். 'மூன்று பெட்டிக்கு மேல் டெலிவரி இலவசம்' என்று நிபந்தனை போடுவதும் உண்டு. ஆனால் நிபந்தனை வந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் நேரம் போகும். நகர எல்லைக்குள் ஒரே விலை என்பது சொல்ல எளிது. எல்லைக்கு வெளியே இப்போதைக்குப் போவதில்லை.

இனி வாசகம். முதல் வடிவில் காம்போக்களுக்கு 'ஒன்று', 'இரண்டு' என்று எண் வைத்திருந்தேன். வீடியோ எடுப்பதற்கு முன்பு அந்த வாசகத்தை ஒரு காகிதத்தில் எழுதி, தெரிந்த ஒருவர் வேலை செய்யும் அலுவலகத்தில் கொடுத்து, அவர்களே வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த செய்திகளில் ஒன்று: '1-2'. இது என்ன? முதல் காம்போவில் இரண்டா, இரண்டாவது காம்போவில் ஒன்றா, அல்லது இரண்டிலும் ஒவ்வொன்றா? அனுப்பியவருக்குத் தெளிவாக இருந்தது. படித்த எங்களுக்கு மூன்று பொருள் தந்தது. பண்டத்தின் அடையாளமும் எண், எண்ணிக்கையும் எண் என்றால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். ஆகவே பண்டத்துக்கு எழுத்து, எண்ணிக்கைக்கு எண் என்று பிரித்தேன். A3 B2 என்று வந்தால் யாருக்கும் ஐயம் வராது. ஆங்கில எழுத்து ஏன் என்று அக்கா கேட்டார். அலுவலகத்தில் பலருடைய போனில் விசைப்பலகை திறக்கும்போது ஆங்கிலத்தில்தான் திறக்கிறது. அதை மாற்றும் நொடிகூட இந்த இடத்தில் செலவுதான்.

இறுதியாகக் குரலில் பதிவானது இது:

"ஒரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு.
ஏ: சாம்பார் சாதம், தயிர் சாதம், பொரியல், அப்பளம்.
பி: அதோடு மிளகு முட்டை.
ஏ நூறு ரூபாய். பி நூற்று இருபது. டெலிவரி அடக்கம்.
பதினொன்றரைக்குள் எத்தனை என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்."

முப்பது சொற்கள், பதினைந்து நொடி. வணக்கம் இல்லை, கேள்வி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. எடுத்த எடுப்பில் நேரம் வருவதற்குக் காரணம் உண்டு. சாப்பாட்டின் பெயரை முதலில் சொன்னால் 'இது ஓட்டல் விளம்பரம்' என்று விரல் தள்ளிவிடும். 'ஒரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில்' என்று கேட்டால் பாக்ஸ் இல்லாதவர் நிற்பார், இருப்பவர் போய்விடுவார். இருவரும் அப்படிச் செய்வதுதான் நமக்கு வேண்டும். கடைசி வரியில் 'ஆர்டர் செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், செய்ய வேண்டிய செயலையே சொன்னேன். 'இன்றே', 'உடனே' இரண்டையும் நீக்கினேன். பதினொன்றரை என்ற நேரமே போதுமான அவசரம்.

ஐந்து வரிகளையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்யச் சொன்னேன். மூன்றாவது வரியை மாற்ற வேண்டி வரும் என்பது தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை நாட்களில் முட்டை போகாது. புரட்டாசி மாதத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களுக்கு 'பி: அதோடு உருளைக்கிழங்கு வறுவல், கேசரி' என்று இன்னொரு வரி பதிவாகியிருக்கிறது. பாயசத்தைத்தான் முதலில் நினைத்தோம். வண்டியில் சிந்தும் என்பதால் கேசரி. வரியையும் அந்த ஒரு காட்சியையும் மாற்றினால் புது வீடியோ தயார். விலை மாறாததால் மற்றவை அப்படியே நிற்கின்றன. முழு வாசகத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு அமாவாசைக்கும் அக்காவை மைக் முன்னால் உட்காரவைக்க வேண்டியிருக்கும்.

குரல் அக்காவுடையதுதான். வாடகைக் குரல் வேண்டாம் என்றேன். காலையில் வீடியோவில் கேட்ட குரலே பதினொரு மணிக்குப் போனில் பேசினால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை பிறக்கும். பதிவைச் சமையற்கூடத்தில் செய்ய முடியவில்லை. புகைபோக்கி விசிறியை நிறுத்தினாலும் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. வீட்டில் துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து, அதன் முன் உட்கார்ந்து பேசினார். எதிரொலி அடங்கிவிட்டது. போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்காது.

ஆனால் அலுவலகத்தில் வீடியோவை ஒலியோடு பார்ப்பவர் குறைவு. மேலதிகாரி எதிரில் இருக்கும்போது யார் சத்தம் வைப்பார்கள்? ஆகவே குரல் இல்லாமலும் வீடியோ தனித்து நிற்க வேண்டும். திரையில் நான்கு வாசகம் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்கு. முதல் காட்சியில் மூடி திறக்கிறது, 'மதியம் 1 மணி, உங்கள் அலுவலகத்தில்'. இரண்டாவதில் மேலிருந்து ஒரு பெட்டி, 'A ₹100'. மூன்றாவதில் அதே கோணத்தில் முட்டையோடு, 'B ₹120'. நான்காவதில் வாட்ஸ்அப் எண்ணும் '11.30க்குள்' என்பதும். இந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் ஐந்து நொடி கொடுத்தேன். எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அவ்வளவு வேண்டும். எழுத்துகளைத் திரையின் நடுப்பகுதியிலேயே வைத்தேன். செங்குத்து வீடியோவின் அடிப்பகுதியைச் செயலியின் பொத்தான்களும் குறிப்புகளும் மறைத்துவிடும். A பெட்டியின் ஓரத்தில் சைவத்துக்கான பச்சைச் சதுர வட்டக் குறியையும் சிறிதாக வைத்தேன். அதைப் பார்த்தால் சைவர்கள் கேள்வி கேட்பதில்லை.

ஆவி பறக்கும் காட்சிக்கு ஒரு குறிப்பு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் கருநீலப் போர்வையைத் தொங்கவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்புறமாக வரும்படி ஜன்னலருகே பெட்டியை வைத்ததும் நன்றாகத் தெரிந்தது. சூடாக இருப்பதைச் சொற்களில் சொல்ல வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்தது.

வீடியோ பார்த்தவர் வாட்ஸ்அப்புக்கு வந்தபின் நடப்பதும் வாசகத்தின் பகுதிதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதலில் இணைப்பு. எண்ணைத் தட்டச்சு செய்யாமல் நேரே உரையாடல் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு க்யூஆர் குறி செய்தோம். அதற்குள் இருக்கும் முகவரி இந்த வடிவில் இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=A-%20B-%20
```

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ இடையில் கோடோ வரக்கூடாது. நாட்டுக் குறியீடான 91, அதன்பின் பத்து இலக்கங்கள், அவ்வளவுதான். `text=` என்பதன் பின் வருவது வாடிக்கையாளரின் செய்திப் பெட்டியில் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். இங்கே `%20` என்பது இடைவெளி. அவர் திறந்ததும் 'A- B-' என்று இருக்கும். எண்ணிக்கையை இட்டு அனுப்பினால் போதும். இந்த இடத்தில் 'சாம்பார் சாதம்' என்று தமிழில் நிரப்பலாமே என்று தோன்றும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'சா' என்பது 'ச'வும் துணைக்காலுமாக இரண்டு குறியீடு, ஆகவே பதினெட்டு எழுத்து:

```
%E0%AE%9A%E0%AE%BE
```

ஒரு முழு வரியைத் தமிழில் வைத்தால் முகவரி நூற்றுக்கணக்கான எழுத்துகளாக நீண்டு, க்யூஆர் குறியின் கட்டங்கள் மிகப் பொடியாகிவிடும். பெட்டி மூடியில் ஒட்டும் சிறு ஸ்டிக்கரில் அச்சிட்டால் பழைய போன்களால் படிக்க முடியாது. சுருக்கமாக வைத்ததால் கட்டங்கள் பெரிதாக இருக்கின்றன. எண்ணெய்க் கறை பட்ட மூடியிலும் படிக்கிறது.

மூடி என்றதும் சொல்ல வேண்டியது: அலுமினியத் தாள் பெட்டிக்கு மேலே அட்டை மூடி பயன்படுத்துகிறார்கள். அட்டையில் பேனாவால் எழுத முடியும். வீடியோவில் கேட்ட A, ஆர்டரில் அனுப்பிய A, மூடியில் எழுதியிருக்கும் A மூன்றும் ஒன்றாக இருப்பதால், பிரித்துக் கொடுப்பவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்கப் பதிவெண்ணை வீடியோவில் திணிக்காமல் ஸ்டிக்கரிலும் பில்லிலும் வைத்தோம்.

ஆர்டர் வந்ததும் அனுப்பும் பதிலை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் விரைவுப் பதில்களில் சேமித்துவைத்தேன். செய்திப் பெட்டியில் சாய்கோட்டைத் தட்டினால் சேமித்தவை பட்டியலாக வரும். A3 B2 என்று ஓர் ஆர்டர் வந்தால் போகும் பதில் இப்படி இருக்கும்:

"A 3, B 2. மொத்தம் ₹540. ஒரு மணிக்குள் வரும். எந்த அலுவலகம், எந்தப் பிரிவு? வாசலுக்கு வந்து அழைப்போம்."

எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்வது மரியாதைக்காக அல்ல. தவறு இருந்தால் அப்போதே தெரிய வேண்டும் என்பதற்காக. 'எந்தப் பிரிவு' என்பது கலெக்டர் அலுவலகம் போன்ற இடங்களில் அவசியம். ஒரே வளாகத்தில் பல துறைகள் இருக்கும். இடம் தெரியாமல் மாமா மாடி ஏறி இறங்கினால் அந்தச் சுற்றில் உள்ள மற்ற எல்லாப் பெட்டிகளும் பிந்தும்.

பதினொன்றரைக்குப் பின் வருபவர்களுக்கு ஒரு தனிப் பதில் தேவைப்பட்டது. முதலில் அக்கா ஒவ்வொருவருக்கும் நீளமாக வருத்தம் தெரிவித்து எழுதிக்கொண்டிருந்தார். அடுப்பில் தாளிப்புக் கருகும். இப்போது போவது: "இன்று ஆர்டர் முடிந்தது. A இரண்டு கைவசம் இருக்கிறது, வேண்டுமா? அல்லது நாளைக்குப் பதியட்டுமா?" கைவசம் உள்ள எண்ணிக்கையை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறார். சில A பெட்டிகளை எப்போதும் கூடுதலாகவே போடுகிறார்கள்; மிஞ்சினால் வீட்டுச் சாப்பாடு.

செயலியில் இருக்கும் வாழ்த்துச் செய்தியை நம்பி விலைப்பட்டியலை அதில் வைப்பவர்கள் உண்டு. அது முதல்முறை எழுதுபவருக்கும், பதினான்கு நாள் தொடர்பில் இல்லாமல் திரும்ப வருபவருக்கும் மட்டுமே போகும். வாரம் மூன்று முறை வாங்குபவருக்கு அது கண்ணிலேயே படாது. அதுபோல, காலையில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை' என்று அக்கா முன்பு வருந்தியதற்குக் காரணம் இதுதான். பட்டியலில் இருந்த பலர் எண்ணைச் சேமித்தே இருக்கவில்லை. ஒற்றை டிக் மட்டும் விழுந்து நின்றிருந்த பெயர்களைப் பார்த்தபோது புரிந்தது. இப்போது முதல் ஆர்டருக்கான பதிலின் கடைசியில் 'இந்த எண்ணைச் சேமித்தால் நாளைய மெனு காலையில் வரும்' என்று ஒரு வரி போகிறது.

வீடியோ ஸ்டேட்டஸில் ஏறுவது காலை எட்டு மணிக்கு, பஸ்ஸில் வருபவர்கள் போனைப் பார்க்கும் நேரத்தில். பதினொரு மணிக்கு வீடியோ கிடையாது. 'A ₹100, B ₹120, 11.30 வரை' என்று எழுத்து மட்டும் போகிறது. காலையில் பார்த்தவருக்கு அது நினைவூட்டல், பார்க்காதவருக்கு அதுவே முழுச் செய்தி.

வாசகம் வேலை செய்கிறதா என்பதை ஆர்டர் எண்ணிக்கையைக் கொண்டு உடனே சொல்ல முடியாது. மழை, விடுமுறை, சம்பள நாள் என்று அதற்கு ஆயிரம் காரணம். நான் பார்த்தது வேறு: உள்ளே வரும் கேள்விகள். பழைய வீடியோ ஓடிய நாட்களின் உரையாடல்களில் 'எவ்வளவு?', 'எத்தனை மணிக்கு வரும்?', 'இன்று என்ன இருக்கிறது?' ஆகியவையே நிறைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அக்கா பதில் எழுதுவதற்குள் கேட்டவர் கீழே கடைக்குப் போயிருப்பார். புது வாசகத்துக்குப் பின் அந்தக் கேள்விகள் அநேகமாக நின்றுவிட்டன; முதல் செய்தியே ஆர்டராக வருகிறது. புதிதாக ஒரு கேள்வி முளைத்தது: 'ஒன்று மட்டும் வாங்கினால் கொண்டுவருவீர்களா?' கூட்டாக வாங்குபவரை நோக்கி எழுதியதால் தனி ஆளுக்கு வந்த தயக்கம் இது. குரலைத் தொடவில்லை, நான்காவது காட்சியில் '1 பெட்டியும் வரும்' என்று சேர்த்தேன்.

தீராமல் இருப்பது திங்கட்கிழமை. அன்று கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். மனு கொடுக்க வருபவர் வரிசை ஓயாததால் ஊழியர்கள் ஒரு மணிக்கு எழுந்திருக்க முடிவதில்லை. பெட்டி வந்து இரண்டு மணிவரை காத்திருக்கிறது. அந்தச் சுற்றுக்கு மட்டும் வண்டியைப் பிந்தி அனுப்பலாம் என்றால், வீடியோவில் சொன்ன 'ஒரு மணி' பொய்யாகிறது. திங்களுக்கென்று முதல் வரியை 'ஒன்றரை மணிக்கு' என்று மாற்றிப் பதியலாமா என்று கேட்டிருக்கிறேன். மற்ற அலுவலகங்களுக்கும் அதே வீடியோதான் போகும் என்பதால் அக்கா தயங்குகிறார். அதுவரை திங்கட்கிழமை சாம்பார் சாதத்தை இன்னும் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் தளர்வாக இறக்குகிறார். கலெக்டர் அலுவலகப் பெட்டிகளை மாமா கடைசியாக ஏற்றுகிறார்.